பாகுமே: எத்தியோப்பியாவின் பதின்மூன்றாம் மாதம்

எத்தியோப்பியாவில் ஓர் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள். முதல் பன்னிரண்டு மாதங்களுக்கும் சரியாக முப்பது நாள். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அந்த 360 நாளுக்கு மேல் மிஞ்சும் ஐந்து நாள்தான் பதின்மூன்றாம் மாதம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அது ஆறு நாளாகும். இந்தக் குட்டி மாதத்தின் பெயர் பாகுமே. பாகுமே முடிந்த மறுநாள் மெஸ்கெரெம் முதல் தேதி, புத்தாண்டு. உலகம் பொதுவாகப் பின்பற்றும் கிரிகோரியன் நாட்காட்டியில் அது செப்டம்பர் 11. பாகுமேக்கு ஆறு நாள் வந்த ஆண்டில் மட்டும் செப்டம்பர் 12.

மெஸ்கெரெம், திக்கிம்த், ஹிதார், தஹ்சாஸ், தீர், யெகாதித், மெகாபித், மியாஸியா, கின்போத், செனே, ஹம்லே, நெஹாசே, பிறகு பாகுமே: இதுவே மாதங்களின் வரிசை. கோயில் சடங்குக்கு மட்டும் எடுத்துப் பார்க்கும் பஞ்சாங்கம் அல்ல இது. அரசு அலுவலகம், நீதிமன்றம், பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் இதன்படிதான் நடக்கின்றன. அரசின் நிதியாண்டு ஹம்லே முதல் தேதி, அதாவது ஜூலை 8 அன்று, தொடங்குகிறது.

எல்லா மாதமும் முப்பது நாள் என்பதால் இந்த நாட்காட்டிக்கு ஒரு வசதி உண்டு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை மாதத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புனிதரையோ ஒரு திருநிகழ்வையோ உரியதாக்கி வைத்திருக்கிறது. 12 என்றால் தேவதூதர் மிக்கேலின் நாள், 21 மரியாளின் நாள், 23 ஜார்ஜின் நாள். அந்தத் தேதி எல்லா மாதத்திலும் தவறாமல் வரும். சிற்றூர்களில் ஒரு சம்பவம் எப்போது நடந்தது என்று கேட்டால் தேதியைச் சொல்லாமல், "மிக்கேல் நாளன்று" என்று சொல்லிவிடுவார்கள். கேட்பவருக்கு அது 12 என்று புரிந்துவிடும். பாகுமேயின் ஐந்து நாளிலும் அப்படி ஒரு நாள் உண்டு. மூன்றாம் தேதி தேவதூதர் ரஃபாயேலின் நாள். அன்று பெய்யும் மழை அருள் பெற்ற நீர் என்பது நம்பிக்கை. குழந்தைகள் முற்றத்தில் இறங்கி அந்த மழையில் நனைவார்கள்.

பாகுமே என்ற பெயரே இந்த நாட்காட்டி வந்த வழியைக் காட்டிக்கொடுக்கிறது. அது எத்தியோப்பியச் சொல் அல்ல. கிரேக்கத்தில் 'கூட்டிச் சேர்க்கப்பட்ட நாள்கள்' என்று பொருள்படும் எபகோமெனாய் என்ற சொல்லின் திரிபு. நாள்களைக் கூட்டிச் சேர்த்தவர்கள் கிரேக்கர்களும் அல்லர். பழைய எகிப்தியர்கள்தாம் முப்பது நாள் மாதங்கள் பன்னிரண்டை வைத்து, கடைசியில் ஐந்து நாளை ஒட்டவைத்தார்கள். அலெக்சாந்திரியாவில் கிரேக்கம் கோலோச்சிய காலத்தில் அந்த ஐந்து நாளுக்குக் கிரேக்கப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே எத்தியோப்பியப் புத்தாண்டு ஏன் செப்டம்பரில் வருகிறது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் அதீஸ் அபாபா அல்ல, நைல் நதியின் மறுமுனையில் உள்ள எகிப்து.

எகிப்தியர்களின் ஆண்டுத் தொடக்கம் ஆதியில் நைல் வெள்ளத்தோடு தொடர்புடையது. கோடையில் சில வாரங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் சிரியஸ் விண்மீன் ஒருநாள் விடியலுக்குச் சற்றுமுன் கிழக்கில் மீண்டும் தலைகாட்டும். ஏறத்தாழ அதே சமயத்தில் நைலில் வெள்ளம் ஏறத் தொடங்கும். அந்த வெள்ளத்தில் பெரும்பங்கு எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்யும் மழைதான். தானா ஏரியிலிருந்து புறப்படும் நீல நைல், அந்த மழையையும் வண்டலையும் வாரிக்கொண்டு வடக்கே இறங்குகிறது. எத்தியோப்பிய மழை எகிப்தின் ஆண்டைத் தொடங்கி வைத்தது. எகிப்தின் ஆண்டு பிற்காலத்தில் எத்தியோப்பியாவுக்கே வந்து சேர்ந்தது.

ஆனால் 365 நாள் ஆண்டில் ஒரு குறை இருந்தது. பூமி சூரியனைச் சுற்றிவர 365 நாளும் கிட்டத்தட்டக் கால் நாளும் ஆகிறது. அந்தக் கால் நாளை விட்டுவிட்டதால், நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் எகிப்தின் புத்தாண்டு பருவங்களைவிட முந்திக்கொண்டே வந்தது. நூறாண்டில் இருபத்தைந்து நாள் முன்னே நகர்ந்துவிடும். வெள்ள காலத்தில் தொடங்கிய ஆண்டு, சில நூற்றாண்டு கழித்து அறுவடைக் காலத்தில் தொடங்கும்; பிறகு விதைப்புக் காலத்துக்கு வரும்; இப்படி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வர 1460 ஆண்டு பிடிக்கும்.

குறை என்னவென்று எகிப்தில் தெரியாமல் இல்லை. கி.மு. 238இல் மூன்றாம் தாலமி அரசனின் காலத்தில் கனோபஸ் நகரில் கூடிய பூசாரிகள், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆறாவது நாள் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார்கள். மூன்று எழுத்துகளில் கல்லில் வெட்டப்பட்ட அந்த ஆணை இன்றும் இருக்கிறது. நடைமுறைக்குத்தான் அது வரவில்லை. மக்கள் பழைய கணக்கிலேயே தொடர்ந்தார்கள்.

ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு கழித்து, கி.மு. 30இல் எகிப்து ரோமின் கைக்குப் போனது. ரோமில் அதற்குள் ஜூலியஸ் சீசர் கொண்டுவந்த புது நாட்காட்டி நடப்பில் இருந்தது. அதில் நான்கு ஆண்டுக்கு ஒரு மிகுநாள் உண்டு. அகஸ்டஸ் ஆட்சியில் எகிப்திய நாட்காட்டிக்கும் அந்த மிகுநாள் கட்டாயமானது. மாதங்களின் பெயரோ முப்பது நாள் கணக்கோ மாறவில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து நாள் ஆறு நாளானது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மாற்றம், காலங்காலமாக நகர்ந்துகொண்டிருந்த புத்தாண்டை அது அப்போது நின்ற இடத்திலேயே அறைந்து நிறுத்திவிட்டது. அந்த இடம் ரோமானிய நாட்காட்டியில் ஆகஸ்ட் 29.

ஆகஸ்ட் 29 என்ற தேதிக்கு வானியலில் சிறப்பு எதுவும் கிடையாது. அது சம இரவு நாள் அல்ல, சிரியஸ் உதிக்கும் நாளும் அல்ல. ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பிடித்து நிறுத்தியபோது அது எந்தப் படியில் கால் வைத்திருந்ததோ அந்தப் படி, அவ்வளவே. கனோபஸ் ஆணை மட்டும் அன்றே நடைமுறைக்கு வந்திருந்தால், புத்தாண்டு ரோமானியக் கணக்கில் அக்டோபர் 22 அளவில் நிலைத்திருக்கும். இன்றைய எத்தியோப்பியர்கள் நவம்பர் தொடக்கத்தில் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருப்பார்கள்.

இப்படித் திருத்தப்பட்ட நாட்காட்டியே அலெக்சாந்திரியத் திருச்சபையின் நாட்காட்டி ஆனது. நான்காம் நூற்றாண்டில் அக்சும் அரசன் எசானா கிறித்துவத்தை ஏற்றான். அந்த நாட்டின் முதல் ஆயராக ஃப்ருமெந்தியஸை அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியஸ் திருநிலைப்படுத்தி அனுப்பினார். அதன்பின் எத்தியோப்பியத் திருச்சபையின் தலைவர் எகிப்திலிருந்தே வருவது வழக்கமானது. 1959 வரை அந்தக் கட்டு முற்றிலும் அறுபடவில்லை. நோன்பையும் திருநாளையும் எகிப்தோடு சேர்ந்து கணக்கிட வேண்டிய திருச்சபை எகிப்தின் நாட்காட்டியையே கைக்கொண்டதில் வியப்பில்லை. மாதங்களுக்குப் பெயர் மட்டும் உள்ளூர்ப் பெயர். எகிப்தின் காப்டிக் கிறித்தவர்களுக்கு இன்றும் புத்தாண்டு இதே நாளில்தான் பிறக்கிறது.

ஆகஸ்ட் 29 எப்படிச் செப்டம்பர் 11 ஆயிற்று? எத்தியோப்பியாவில் யாரும் அதை நகர்த்தவில்லை. மற்ற நாடுகள்தாம் தங்கள் நாட்காட்டியை நகர்த்திக்கொண்டன. நான்கு ஆண்டுக்கு ஒரு மிகுநாள் என்பது உண்மைத் தேவையைவிடச் சற்றே அதிகம். ஆண்டுக்குச் சுமார் பதினோரு நிமிடம் மிகுதியாகிறது. 128 ஆண்டில் அது ஒரு முழு நாள். இந்தப் பிழையைச் சரிசெய்ய 1582இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரிகோரி பத்து நாளை நாட்காட்டியிலிருந்து நீக்கினார். இனிமேல் 400ஆல் வகுபடாத நூற்றாண்டுகளில் மிகுநாள் கிடையாது என்றும் விதித்தார். அதன்படி 1700, 1800, 1900 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மேலைநாட்டு நாட்காட்டி ஒவ்வொரு நாளை விட்டது. எத்தியோப்பியா பழைய விதியிலேயே நின்றது. பத்தும் மூன்றும் பதின்மூன்று. ஆகஸ்ட் 29உடன் பதின்மூன்று நாளைக் கூட்டினால் செப்டம்பர் 11.

இந்த நகர்வை ஒரே ஒரு தேதியை வைத்துப் பார்த்துவிடலாம். எத்தியோப்பிய வரலாற்றில் மிகப் பெருமைக்குரிய நாள் அத்வா போர் நடந்த நாள். இரண்டாம் மெனெலிக் பேரரசரின் படை இத்தாலியப் படையை முறியடித்தது அன்றுதான். எத்தியோப்பியக் கணக்கில் அது 1888ஆம் ஆண்டு யெகாதித் 23. புனித ஜார்ஜின் நாள் என்பதால் எத்தியோப்பியர்களுக்கு அந்தத் தேதி மறப்பதே இல்லை. ஐரோப்பிய நூல்கள் அதை 1896 மார்ச் 1 என்று எழுதுகின்றன. ஆனால் வெற்றி நாள் இப்போது கொண்டாடப்படுவது மார்ச் 2 அன்று. யாரோ தவறாக எழுதிவிட்டார்கள் என்றே முதலில் தோன்றும். இரண்டுமே சரி.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். யெகாதித் ஆறாவது மாதம். அதற்கு முன் ஐந்து மாதம் முழுதாகப் போயிருக்கும், 150 நாள். அதோடு 23ஐக் கூட்டினால், அது ஆண்டின் 173ஆம் நாள். புத்தாண்டு நாளிலிருந்து 172 நாள் எண்ணினால் போதும். 1888ஆம் ஆண்டு பிறந்தது 1895 செப்டம்பர் 11 அன்று. அங்கிருந்து 172 நாள் எண்ணினால் செப்டம்பரில் 19 நாள், அக்டோபரில் 31, நவம்பரில் 30, டிசம்பரில் 31, ஜனவரியில் 31. 1896 மிகுநாள் ஆண்டு என்பதால் பிப்ரவரியில் 29. ஆக 171. மிச்சம் ஒரு நாள்: மார்ச் 1. இதே கணக்கை இன்றைய ஆண்டு ஒன்றில், எடுத்துக்காட்டாக 2024 செப்டம்பர் 11 அன்று பிறந்த 2017ஆம் ஆண்டில் போட்டால், 2025 பிப்ரவரிக்கு 28 நாள் என்பதால் விடை மார்ச் 2. இடையில் வந்த 1900ஆம் ஆண்டுதான் காரணம். அந்த ஆண்டு பிப்ரவரியில் மேலைநாட்டு நாட்காட்டி ஒரு நாளை விட்டது. அதற்கு முன் எத்தியோப்பியப் புத்தாண்டு வழக்கமாகச் செப்டம்பர் 10 அன்றும், நான்காண்டுக்கு ஒருமுறை 11 அன்றும் வந்தது. 1895 அப்படிப்பட்ட ஓர் ஆண்டு. 1900க்குப் பிறகுதான் 11 வழக்கமானது. யெகாதித் 23 தன் இடத்தில் அப்படியே இருக்கிறது. அதற்கு எதிரே எழுதப்படும் மார்ச் தேதிதான் மாறியது.

எந்த ஆண்டில் பாகுமேக்கு ஆறு நாள் என்பதை எத்தியோப்பியர்கள் எளிய முறையில் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான்கு நற்செய்தியாளர்களின் பெயரில் ஆண்டுகள் சுழன்று வரும்: மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். ஆண்டின் எண்ணை நான்கால் வகுத்து மீதி 1 வந்தால் மத்தேயு, 2 வந்தால் மாற்கு, 3 வந்தால் லூக்கா, மீதியே இல்லையென்றால் யோவான். லூக்காவின் ஆண்டு முடியும்போது பாகுமேக்கு ஆறு நாள். 2015 லூக்காவின் ஆண்டு. ஆகவே 2023 செப்டம்பர் 11 பாகுமே ஆறாம் தேதி ஆனது, யோவானின் ஆண்டாகிய 2016 செப்டம்பர் 12 அன்று பிறந்தது. அடுத்து இப்படி வரப்போவது 2027இல்.

அந்த ஒரு நாள் தள்ளல் அடுத்த பிப்ரவரி 29 வரை மட்டுமே நீடிக்கும். கிரிகோரியன் நாட்காட்டியும் தன் மிகுநாளைச் சேர்த்தவுடன் இரண்டும் பழையபடி ஒத்துப்போகும். இடைப்பட்ட மாதங்களில் கிறிஸ்துமஸ் வருகிறது. வழக்கமாக அது தஹ்சாஸ் 29, அதாவது ஜனவரி 7. யோவானின் ஆண்டில் மட்டும் தஹ்சாஸ் 28 அன்றே கொண்டாடுகிறார்கள். மரியாளுக்குத் தேவதூதர் நற்செய்தி சொன்ன மெகாபித் 29 முதல் பிறப்பு வரை 275 நாள் என்பது திருச்சபையின் கணக்கு. நடுவில் பாகுமே ஒரு நாள் நீண்டுவிட்டால், 275ஆம் நாள் 28ஆம் தேதியிலேயே வந்துவிடும். கருவில் இருந்த நாளின் எண்ணிக்கை மாறக் கூடாது என்பதற்காகத் தேதியை மாற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாடு நுட்பமானது. மாற்று அட்டவணை எழுதுபவர்கள் பலர் தடுமாறும் இடமும் இதுவே.

புத்தாண்டுக்கு என்குதாதாஷ் என்று பெயர். சேபா நாட்டு அரசி எருசலேமில் சாலமோனைக் கண்டு திரும்பியபோது குடித்தலைவர்கள் அவளுக்கு மணிகளைக் காணிக்கை தந்தார்கள் என்றும், அதிலிருந்து இப்பெயர் வந்தது என்றும் மரபுக் கதை சொல்கிறது. திருச்சபைக்கு இது திருமுழுக்கு யோவானின் நாளும் ஆகும். முந்தைய மாலையில் காய்ந்த குச்சிகளைக் கட்டிப் பந்தம் கொளுத்துவார்கள். காலையில் சிறுமிகள் வெள்ளை ஆடை உடுத்தி, கையில் மஞ்சள் பூவோடு வீடு வீடாகப் பாடிப் போவார்கள். சிறுவர்கள் தாங்கள் வரைந்த படங்களைக் கொடுத்துச் சில்லறை வாங்கிக்கொள்வார்கள்.

அந்த மஞ்சள் பூவுக்கு அதேய் அபாபா என்று பெயர். மழை ஓயும் இந்தச் சில வாரங்களில்தான் அது மேட்டுநிலம் எங்கும் பூக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் கிரெம்த் எனப்படும் பெருமழைக் காலம் அப்போது முடிகிறது. மேகம் விலகி வெயில் வருகிறது. ஆகவே புத்தாண்டு ஏன் செப்டம்பரில் என்று கேட்டால், மழை முடிந்து பூ பூப்பதால் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். கேட்க இனிய பதில்தான், ஆனால் காரணமும் விளைவும் அதில் இடம் மாறிவிட்டன. எசானாவின் காலத்தில் மெஸ்கெரெம் முதல் தேதி பருவக் கணக்கின்படி இன்றைய ஆகஸ்ட் 30க்கு ஒப்பான நாளில் வந்தது. மேட்டுநிலத்தில் அது இன்னும் மழை கொட்டும் சமயம். ஆண்டுக்குப் பதினோரு நிமிடமாகச் சேர்ந்த பிழைதான் புத்தாண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மழையின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. பூவுக்கும் புத்தாண்டுக்கும் இன்று இருக்கும் பொருத்தம் இத்தனை அழகாக அமைந்தது அந்தப் பிழையால்தான்.

ஆண்டின் எண் ஏன் ஏழெட்டு குறைவு என்பது தனிக் கதை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த துறவி அன்னியானோஸ், உலகம் படைக்கப்பட்டு 5500 ஆண்டு நிறைந்தபின் கிறிஸ்து மனித உருவெடுத்தார் என்று கணக்கிட்டார். ரோமில் 525இல் டயோனிசியஸ் எக்ஸிகுவஸ் வேறு கணக்குப் போட்டார். மேற்கு டயோனிசியஸைப் பின்பற்றியது, எத்தியோப்பியா அன்னியானோஸை. புத்தாண்டு முதல் டிசம்பர் 31 வரை வித்தியாசம் ஏழு. ஜனவரி முதல் பாகுமே வரை எட்டு. அதனால்தான் எத்தியோப்பியா இரண்டாயிரமாவது ஆண்டை 2007 செப்டம்பர் 12 அன்று பெருவிழாவாக வரவேற்றது.

அன்றாட வாழ்வில் பிழைகள் பெரும்பாலும் இங்குதான் நேர்கின்றன. பிறப்புச் சான்றிதழில் 1990 என்று மட்டும் இருந்தால் அது எந்தக் கணக்கு? எத்தியோப்பியக் கணக்காக இருந்தால் அந்த ஆள் 1997இலோ 1998இலோ பிறந்தவர். வெளிநாட்டு அலுவலகத்தில் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் வயது ஏழெட்டு கூடிவிடும். எப்போதும் எட்டைக் கூட்டிவிடுவது இன்னொரு பிழை. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களுக்கு ஓராண்டு தவறிவிடும். மாதத்தை எண்ணால் எழுதுவதும் ஆபத்து. எத்தியோப்பியாவில் 1/5 என்பது தீர் மாதம் முதல் தேதி, அதாவது ஜனவரி. 13 என்று மாதம் எழுதப்பட்டிருந்தால் மட்டும் ஐயமே இல்லை. அது எத்தியோப்பியத் தேதிதான். ஆனால் பன்னிரண்டு மாதம் மட்டுமே ஏற்கும் படிவத்தில் அதைப் பதிய முடியாது; மாற்றித்தான் எழுத வேண்டும். இந்தக் குழப்பத்துக்காகவே எத்தியோப்பிய ஆவணங்களில் தேதியை அடுத்து எந்த நாட்காட்டி என்பதையும் குறிப்பிடுகிறார்கள். மாதச் சம்பளக்காரர்களுக்குப் பாகுமே நெருக்கடியான காலம். சம்பளம் பொதுவாகப் பன்னிரண்டு முறைதான்; பதின்மூன்றாம் மாதத்துக்குத் தனியாக வருவதில்லை, புத்தாண்டுச் செலவோ வாசலில் நிற்கும்.

சுற்றுலாத் துறையைக் கட்டியெழுப்பிய ஹப்தே செலாசி தஃபெஸ்ஸே இந்த மாதத்தை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டார். பதின்மூன்று மாதமும் வெயில் என்று அவர் எழுதிய விளம்பர வாசகம், 2016 வரை நாட்டின் சுற்றுலா அடையாளமாக இருந்தது. உண்மையில் பாகுமே பெரும்பாலும் மழையும் மேகமுமாகவே கழியும்.

அடுத்த நகர்வு 2100இல் வரும். அந்த ஆண்டு கிரிகோரியன் நாட்காட்டியில் பிப்ரவரி 29 கிடையாது; எத்தியோப்பிய மிகுநாளோ அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே சேர்ந்திருக்கும். 2099 செப்டம்பர் 12 அன்று ஒரு புத்தாண்டு, 2100 செப்டம்பர் 12 அன்று இன்னொரு புத்தாண்டு. அதன்பின் வழக்கமான நாள் 12. லூக்காவின் ஆண்டு முடிந்தால் 13. கிறிஸ்துமஸ் ஜனவரி 8 ஆகும், அத்வா வெற்றி நாள் மார்ச் 3 ஆகும். எத்தியோப்பியச் சுவர் நாட்காட்டியில் மட்டும் அது அப்போதும் யெகாதித் 23.